வாட்ச் கட்டிய இடம் மட்டும் தப்பித்தது

கேள்வி: முகப்பருவுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை ஆரம்பித்து ஐந்து நாள் ஆகிறது. கொஞ்ச நேரம் வெயிலில் போனாலே முகமும் கையும் எரிந்து சிவக்கிறது. இது அலர்ஜியா? மாத்திரையை நிறுத்திவிடலாமா?

எனக்கும் இதே மாத்திரையில்தான் நடந்தது. எலிக்காய்ச்சலுக்காக 100 மில்லிகிராம், காலையும் இரவும், ஏழு நாள். காய்ச்சல் விட்டதும் நான்காம் நாள் அரைக்கை சட்டையோடு பைக்கில் ஒரு மணி நேரம் போனேன். சாயங்காலம் இரண்டு புறங்கையும் மிளகாய் அரைத்துப் பூசினது போல எரிந்தது. வாட்ச்சைக் கழற்றினால், பட்டை இருந்த இடம் மட்டும் பழைய நிறத்தில் இருக்கிறது! சட்டைக்கை முடிந்த இடத்திலும் கோடு போட்டது போல எல்லை.

அந்தக் கோடுதான் அடையாளம். அலர்ஜி என்றால் பெரும்பாலும் அரிப்பு முந்தும், துணி மூடிய இடத்துக்கும் பரவும். இதில் வெயில் பட்ட இடம் மட்டும்தான் வேகும். தோலில் தங்கியிருக்கும் மருந்து, வெயிலின் புற ஊதா ஏ கதிரை உறிஞ்சிக்கொண்டு பக்கத்துச் செல்களைப் புண்ணாக்குகிறது. மருந்தின் அளவு கூடினால் எரிச்சலும் கூடும்.

இந்தக் கதிர் சாதாரணக் கண்ணாடியைத் தாண்டி வரும். அதனால் பஸ்ஸில் ஜன்னலை மூடிவிட்டு உட்கார்ந்தாலும் பயனில்லை, நிழல் பக்கமாகப் பார்த்து உட்காருங்கள். சன்ஸ்கிரீன் டப்பாவில் எஸ்பிஎஃப் எண்ணை மட்டும் பார்த்து வாங்கி ஏமாந்தவன் நான். அந்த எண் முக்கியமாகப் புற ஊதா பி கதிருக்கானது. ஏ கதிரையும் தடுக்க 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்று இருக்க வேண்டும், பிஏ என்பதற்குப் பக்கத்தில் மூன்று கூட்டல் குறியாவது இருந்தால் நல்லது. முகத்துக்கும் கழுத்துக்குமாக இரண்டு விரல் நீளம் பிதுக்கி, கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பு பூசுங்கள். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் மறுபடியும். உண்மையைச் சொன்னால், கிரீமைவிட எனக்கு உதவியது அடர்த்தியான முழுக்கை சட்டையும் கையுறையும்தான். வியர்வையில் வழியாது பாருங்கள்.

எரியும் இடத்தில் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணி போதும். எலுமிச்சை தேய்க்கச் சொல்வார்கள், வேண்டவே வேண்டாம். அதன் சாறே வெயிலில் தோலைப் பொசுக்கும்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சிவந்த கையைக் காட்டுங்கள். அளவைக் குறைப்பதா, வேறு மருந்துக்கு மாற்றுவதா என்று அவர் சொல்வார். கொப்புளம், காய்ச்சல், வாயில் புண் என்று எது வந்தாலும் அன்றைக்கே போய்விடுங்கள். கோர்ஸ் முடிந்த மறுநாளே அரைக்கை சட்டைக்கு மாறிவிடாதீர்கள், மருந்து உடம்பை விட்டுப் போகச் சில நாள் ஆகும்.

அப்புறம், முகப்பரு என்றால் உங்களுக்கு வாரக்கணக்கில் ஓடும். நடுவில் விரல் நகம் நுனியிலிருந்து வெளுத்துத் தூக்கிக்கொண்டால் பூஞ்சைக்கு மருந்து வாங்கப் போகாதீர்கள். இதே மாத்திரையும் வெயிலும் சேர்ந்து அதையும் செய்யும், டாக்டரிடம் நகத்தையும் காட்டுங்கள்.