தேர்வு நின்றுபோனால் பழைய சான்றிதழ் செல்லுமா?

"2024 பிப்ரவரி 12-ல் செக்யூரிட்டி பிளஸ் தேர்வில் (SY0-601) தேறினேன். இப்போது அந்தத் தேர்வே இல்லை, SY0-701 தான் என்கிறார்கள். என் சான்றிதழ் செல்லுமா? மறுபடியும் எழுத வேண்டுமா?"

செல்லும். மறுபடியும் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. காம்ப்டியா நிறுவனம் 2024 ஜூலை 31-ல் நிறுத்தியது தேர்வைத்தான். செக்யூரிட்டி பிளஸ் என்ற கணினிப் பாதுகாப்புச் சான்றிதழ் அப்படியே இருக்கிறது. 601 எழுதித் தேறியவருக்கும் 701 எழுதித் தேறியவருக்கும் கிடைப்பது ஒரே சான்றிதழ்தான்.

நீங்கள் கவனிக்க வேண்டிய தேதி வேறு. இந்தச் சான்றிதழுக்கு ஆயுள் மூன்று வருடம். உங்களுடையது 2027 பிப்ரவரி 12-ல் முடிகிறது. காம்ப்டியா தளத்தில் உங்கள் கணக்கைத் திறந்தால் காலாவதித் தேதி தெரியும். அதற்குள் புதுப்பிக்காவிட்டால் அப்போது நடப்பில் உள்ள தேர்வை முதலிலிருந்து எழுதுவதைத் தவிர வழியில்லை. தேர்வு நிறுத்தப்பட்ட செய்தியைப் பார்த்துப் பதறுகிறவர்கள் இந்தத் தேதியைக் கோட்டைவிடுவதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

புதுப்பிக்க, மூன்று வருடத்துக்குள் சி.இ.யூ. எனப்படும் தொடர்கல்விப் புள்ளிகள் 50 சேர்க்க வேண்டும். பொதுவாக ஒரு மணி நேரப் பயிற்சிக்கு ஒரு புள்ளி. இதற்கு ஆண்டுக் கட்டணமும் உண்டு. புள்ளிகள் நிறைந்தும் கட்டணம் பாக்கி இருந்தால் புதுப்பிப்பு முடியாது. தேர்வு மாறியது உங்களைத் தொடுவது இங்கே மட்டும்தான்: நீங்கள் காட்டும் பயிற்சியில் பாதியாவது தேர்வின் பாடத்திட்டத்தோடு பொருந்த வேண்டும். எனவே வகுப்பில் சேரும் முன் 701-ன் பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். முடித்த சான்றை அன்றே பதிவேற்றிவிடுங்கள்.

புள்ளி சேர்ப்பது தொல்லை என்றால், காலாவதிக்கு முன் 701 எழுதித் தேறலாம். அல்லது சைசா பிளஸ் போன்ற மேல்நிலைச் சான்றிதழ் எடுக்கலாம். அது செக்யூரிட்டி பிளஸையும் சேர்த்துப் புதுப்பித்துவிடும். எப்படியும் மேலே படிக்கப் போகிறவருக்கு நான் சொல்வது இரண்டாவதைத்தான்.

உண்மையில் அடிபடுகிறவர்கள் பாதியில் நிற்பவர்கள். காம்ப்டியாவின் ஏ பிளஸ் சான்றிதழுக்கு இரண்டு தேர்வுகள் உண்டு, இரண்டும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். 220-1101 தேறிவிட்டு, நிறுத்தப்படுவதற்குள் 220-1102 எழுதாமல் விட்டவர், அந்த 220-1101-ஐப் புதிய வரிசையின் 220-1202-ஓடு சேர்த்துச் சான்றிதழ் வாங்க முடியாது. புதிய வரிசையில் இரண்டையும் எழுத வேண்டும்.

அப்புறம், தேர்வு மட்டுமல்லாமல் சான்றிதழே நிறுத்தப்படுவதும் உண்டு. மைக்ரோசாப்ட் 2021 ஜனவரியில் எம்.சி.எஸ்.இ. என்ற சான்றிதழை நிறுத்தியது அப்படித்தான். ஏற்கெனவே வாங்கியவர்களின் பதிவில் அது நீடித்தது. புதிதாக யாரும் வாங்க முடியவில்லை. இப்போதுள்ள ஓராண்டு மைக்ரோசாப்ட் சான்றிதழ்களில் ஒன்று நிறுத்தப்படுவதாக அறிவிப்பு வந்தால், அந்த நாளுக்கு முன் உங்களுக்குப் புதுப்பிக்கும் வாய்ப்பு திறந்திருக்கிறதா என்று பார்த்து, திறந்திருந்தால் உடனே முடித்துவிடுங்கள்.