காலசர்ப்பமா? கட்டத்தை விடுங்கள், பாகையைச் சொல்லுங்கள்

மாம்பலத்தில் ஜாதகம் கணிப்பவன் நான். இன்று காலசர்ப்பம் மட்டும். ராகுவுக்கும் கேதுவுக்கும் நடுவில் மற்ற ஏழு கிரகமும் அடைபட்டால் அந்தப் பெயர்; பழைய நூல்களில் இது இல்லை என்பது என் கட்சி. பாகை இல்லாத கட்டத்தை அனுப்பாதீர்கள், பதில் சொல்ல முடியாது.

வேளச்சேரி அம்மா: பெண்ணுக்கு வந்த வரன் நின்றுவிட்டது. மாப்பிள்ளை வீட்டு ஜோசியர் காலசர்ப்பம் என்கிறார். ராகு மேஷம் 11 பாகை, கேது துலாம் 11. சந்திரன் துலாம் 14. மற்ற எல்லாம் ரிஷபத்திலிருந்து கன்னிக்குள்.

பாகையோடு அனுப்பினீர்களே, அதற்கே நன்றி அம்மா. கட்டத்தைப் பார்த்தால் எல்லாம் அடைபட்டது போலத்தான் தெரியும். ஆனால் கேது 11-ல் நிற்கிறது, சந்திரன் 14-ல் நிற்கிறது. வேலியைத் தாண்டி மூன்று பாகை வெளியே வந்தாயிற்று.

சந்திரன் ஒரு நாளைக்குச் சுமார் 13 பாகை நகரும். மூன்று பாகைக்கு ஐந்தரை மணி நேரம். உங்கள் பெண் பிறந்தது பகல் மூன்று மணி. அன்று காலை ஒன்பதரைக்கு முன்னால் பிறந்த குழந்தைக்கு இந்த அமைப்பு உண்டு, உங்கள் பெண்ணுக்கு இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். மற்ற ஆறு கிரகமும் ஒரு பக்கம் இருக்கும் மாதங்களில், சந்திரன் சுமார் 27 நாள் சுற்றில் பாதி நாள் உள்ளே, பாதி நாள் வெளியே. அதாவது அந்தப் பதிமூன்று பதினான்கு நாளில் சென்னையில் பிறந்த அத்தனை குழந்தைக்கும் 'காலசர்ப்பம்'. ஒரு வார்டு முழுக்க ஒரே தலையெழுத்தா? அதனால்தான் நான் லக்னாதிபதி, ஏழாம் இடம், நடக்கும் தசை எல்லாம் பார்த்த பிறகு, கடைசியில்தான் இதைத் தொடுவேன். முப்பது வருஷம் முன்னால் கட்டத்தை மட்டும் பார்த்து ஒரு வரனைத் தள்ளச் சொன்னேன். பாகையை நான் பார்க்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

அம்பத்தூர் அன்பர்: வராகமிகிரரே சர்ப்ப யோகம் சொல்லியிருக்கிறார். பழசு இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்?

சொல்லியிருக்கிறார், சரி. ஆனால் பிருகத் ஜாதகத்தில் அது கேந்திரங்களில் பாவக் கிரகங்கள் நிற்கும் அமைப்பு. ராகு கேதுவுக்கு நடுவில் அடைபடுவதல்ல. சாராவளி, பலதீபிகை எதிலும் அந்த அடைப்பு இல்லை. பெயர் ஒத்துப்போகிறது, அவ்வளவுதான்.

நங்கநல்லூர் வாசகர்: நேருவுக்குக் காலசர்ப்பம் என்பார்களே? அவர் பிரதமரே ஆனாரே.

நல்ல கேள்வி. 1889 நவம்பர் 14. ராகு மிதுனம், கேது தனுசு. சந்திரன் கடகத்தில் தொடங்கி வரிசையாக விருச்சிகச் சூரியன் வரை எல்லாம் நடுவில். குரு மட்டும் தனுசில் கேதுவோடு. கேது ஏறத்தாழ 13 பாகையில் இருக்க, குரு இரண்டு மூன்று பாகை தாண்டி நிற்கிறார். ராசிக் கட்டத்தில் அடைப்பு, பாகையில் திறப்பு. வேளச்சேரி அம்மா, உங்கள் பெண் கதையேதான்.

அம்பத்தூர் அன்பர் மறுபடியும்: ஒரே ராசியில் இருந்தாலே கேதுவின் பிடிதான். எங்கள் குரு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்.

அப்படிச் சொல்பவர்கள் உண்டு. 'ராகு கேதுவுக்கு இடையில்' என்று நீங்களே சொல்லிவிட்டு, தாண்டியதையும் உள்ளே இழுத்தால் எப்படி ஐயா?

மேற்கு மாம்பலம்: வாக்கியத்திலா திருக்கணிதத்திலா பார்த்தீர்கள்? இரண்டிலும் ராகு வேறு பாகை.

இதுதான் உண்மையான சிக்கல். சராசரி ராகுவுக்கும் உண்மை ராகுவுக்கும் ஒன்றரை பாகை வரை வித்தியாசம் வரும். நேரு ஜாதகத்தில் இடைவெளி அதைவிட அதிகம், தப்பித்தது. வாக்கியத்தில் சந்திரனும் கொஞ்சம் நகரும். வேளச்சேரி அம்மா இரண்டு பஞ்சாங்கத்திலும் பார்த்துவிடுவது நல்லது. இரண்டும் முரண்பட்டால்? நான் திருக்கணிதத்தை எடுப்பேன், அம்பத்தூர்க்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

திருவள்ளூர் தம்பி: தாத்தா வயலில் நல்ல பாம்பை அடித்தார். அதனால்தான் எனக்கு வந்ததா?

தம்பி, இது வானத்தில் கிரகம் நின்ற கணக்கு. தாத்தாவை விட்டுவிடுங்கள்.

போரூர் அக்கா: காளஹஸ்தி போகணுமா, குன்றத்தூர் போதுமா?

மனசு எங்கே போகச் சொல்கிறதோ அங்கே. குன்றத்தூர் நாகேசுவரர், சேக்கிழார் எழுப்பிய கோயில், பக்கத்தில் கெருகம்பாக்கத்தில் கேது. ஆனால் வீட்டுக்கே வந்து ஹோமம் செய்கிறேன் என்று பெரிய தொகை சொல்பவரிடம் முதலில் பாகையைக் கேளுங்கள்.

ஆவடி: எனக்கும் காலசர்ப்பம் இருக்கா பாருங்க. கட்டம் இணைப்பில்.

முதல் வரியைப் படியுங்கள்.

தாம்பரம்: எனக்கும்தான். படம் இணைத்துள்ளேன்.

மேலே பார்க்கவும்.

வேளச்சேரி அம்மா: மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்லட்டும் சார்?

வாதம் வேண்டாம். அன்று சந்திரன் கேதுவைத் தாண்டிய நேரம் எத்தனை மணி என்று மட்டும் அவர்கள் ஜோசியரிடம் கேட்கச் சொல்லுங்கள். பஞ்சாங்கத்தைப் புரட்டினால் பேசலாம். புரட்டாமலேயே பதில் சொன்னால், அந்த இடம் வேண்டுமா என்று நீங்கள் யோசியுங்கள்.