80 விரிப்பு போச்சு, 74தான் வந்தது: மீதி 6 யார் கணக்கு?

கேள்வி: சின்ன அளவில் விழா அலங்காரம் செய்கிறேன். நாற்காலி, பாத்திரம், மேஜை விரிப்பு எல்லாம் வாடகைக்கும் விடுகிறேன். ஒவ்வொரு விழா முடிந்ததும் ஏதாவது குறைகிறது. கேட்டால் வாடிக்கையாளர் "எல்லாம் கொடுத்தாச்சு" என்கிறார். பார்கோடு வைத்த சாஃப்ட்வேர் ஒன்றை வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பொருள் கை மாறும் இடத்தில் எண்ணாமல் விட்டால், எந்த சாஃப்ட்வேர் வாங்கினாலும் அது தப்பான எண்ணிக்கையைத்தான் அழகாகக் காட்டும்.

உங்களிடம் மொத்தம் 120 மேஜை விரிப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை விழாவுக்கு 80 போகிறது. புதன்கிழமை சலவைக்காரர் கொண்டுவந்து போட்டபோது எண்ணினால் 74. நோட்டில் "போனது 80, வந்தது 74" என்று மட்டும் இருந்தால், 6 விரிப்பையும் வாடிக்கையாளர் தலையில் கட்டுவீர்கள், அவரும் சண்டைக்கு வருவார்.

அதையே ஒவ்வொரு கையிலும் எண்ணியிருந்தால் கதை வேறு. ஞாயிறு காலை மண்டபத்தில் எண்ணி வாங்கியது 77. ஆக, 3 வாடிக்கையாளர் பொறுப்பு. சலவைக்குப் போட்டதும் 77. திரும்பியது 74, கறை போகாமல் மறுசலவைக்கு அங்கேயே நிற்பது 2, காணாமல் போனது 1. அந்த ஒன்றுக்கு சலவைக்காரர் பதில் சொல்ல வேண்டும். குடோனில் முன்பே இருந்த 40, வந்த 74, மறுசலவையில் 2, வாடிக்கையாளர் தர வேண்டிய 3, சலவைக்காரர் தர வேண்டிய 1: கூட்டினால் 120. எந்த நாளில் கூட்டினாலும் மொத்தம் இப்படிச் சரியாக வர வேண்டும். வரவில்லை என்றால், யாரோ ஒரு கையில் எண்ணாமல் வாங்கியிருக்கிறார்கள்.

இதற்கு மூன்று பிரதி போடும் ரசீது புத்தகம் போதும். போனது, மண்டபத்தில் திரும்பியது, சலவைக்குப் போனது, சலவையிலிருந்து வந்தது என்று நான்கு கட்டம். முக்கியமானது இரண்டாவது கட்டம்தான். வண்டியில் ஏற்றும் முன்பே, வாடிக்கையாளரின் ஆள் ஒருவரை நிற்கவைத்து எண்ணி, கையெழுத்து வாங்குங்கள். குடோனுக்கு வந்த பிறகு எண்ணிவிட்டு "குறைகிறதே" என்றால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அலுப்பில் எல்லாரும் கோட்டை விடுவது இங்கேதான்.

நாற்காலியைப் பத்துப் பத்தாக அடுக்கினால் அடுக்கை எண்ணினால் போதும். ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், அடுக்கும்போது உரசி உரிந்துவிடும். இருக்கைக்கு அடியில் அச்சு வைத்து பெயின்ட் குறி போடுங்கள். மண்டபத்து நாற்காலியோடு கலந்து, எண்ணிக்கை சரியாக இருந்தும் பொருள் மாறி வருவது சகஜம்.

ஸ்பூனை ஒவ்வொன்றாக எண்ண வேண்டாம், எடை போடுங்கள். ஐம்பது ஸ்பூன் ஒன்றரைக் கிலோ என்றால் ஒன்று 30 கிராம். 300 அனுப்பினால் 9 கிலோ. திரும்பியது, டப்பா எடை கழித்து, 8.7 கிலோ என்றால் பத்து குறைகிறது. ஈரம் துடைத்திருக்க வேண்டும், ஒரே மாதிரி ஸ்பூனாக இருக்க வேண்டும். வேறு சப்ளையரின் ஸ்பூன் கலந்திருந்தால் எடை ஏமாற்றும். அதனால் மேலோட்டமாக ஒரு கை அள்ளியும் பார்த்துவிடுங்கள்.

துணியில் இன்னொரு சிக்கல் உண்டு. தீப்பொறி ஓட்டையும் கறையும் சில சமயம் துவைத்த பிறகுதான் தெரியும். அதனால் சலவை முடிந்து எத்தனை நாளுக்குள் சேதம் சொல்வீர்கள், ஒரு விரிப்புக்கு எவ்வளவு பிடிப்பீர்கள் என்பதை ரசீதிலேயே எழுதி, அட்வான்ஸ் வாங்கும்போதே காட்டுங்கள். ஈரத்துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்கவே கூடாது. இரண்டு மூன்று நாளில் கரும்புள்ளி விழும். அந்த நஷ்டம் உங்களுடையது, வாடிக்கையாளருடையது அல்ல.

அப்புறம், விரிப்பு திரும்பி வந்த நாளும் அடுத்த விழாவுக்குத் தயாராகும் நாளும் ஒன்றல்ல. மேலே சொன்ன கணக்கில் வியாழக்கிழமைக்கு 115 விரிப்பு ஒப்புக்கொண்டிருந்தால், கையில் இருப்பது 114. ஞாயிற்றுக்கிழமையே "இருக்கு" என்று சொல்லிவிடுகிறோம், அதுதான் வம்பு.

ஒரே நாளில் மூன்று விழா, இரண்டு வண்டி என்று ஆகும்போது சாஃப்ட்வேர் பார்க்கலாம். பணம் கட்டும் முன் இந்த 80 விரிப்புக் கணக்கையே விற்பவரிடம் கொடுத்து, உங்கள் கண் முன்னால் போடச் சொல்லுங்கள். பாதி திரும்பியதைப் பதிய முடிகிறதா? சலவையில் இருப்பதை 'இருப்பு' என்று காட்டாமல் இருக்கிறதா? மண்டபத்தில் சிக்னல் இல்லாதபோதும் வேலை செய்கிறதா? இதில் ஒன்று தடுமாறினாலும், மூன்று பிரதி ரசீதோடு இன்னும் கொஞ்ச காலம் ஓட்டுங்கள்.