லைக் 400 வருது, விசாரிக்க ஒருத்தரும் வரலை: கல்யாண போட்டோவுக்கு கேப்ஷன் எப்படி எழுதறது?

கேள்வி: "அண்ணா, கும்பகோணத்துல ஆறு வருஷமா கல்யாண போட்டோ எடுக்கறேன். இன்ஸ்டால ஒரு போஸ்ட்டுக்கு 400 லைக் வருது, ஆனா புக்கிங் கேட்டு ஒரு மெசேஜ் கூட வரலை. கேப்ஷன்ல என்ன எழுதணும்? ரேட் போடலாமா? ஒருத்தர் 999 ரூபாய்க்கு 100 கேப்ஷன் தரேன்னு சொல்றார், வாங்கலாமா?"

தம்பி, கடைசி கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், வாங்காதீங்க. அந்த 100 கேப்ஷன்ல என்ன இருக்கும்னு எனக்குத் தெரியும், ரெண்டு உயிர் ஒரு பயணம், நீயும் நானும் என்றென்றும், நடுவுல நாலு சிவப்பு ஹார்ட்டு. அதே பைலை உங்க தெருவுல இருக்கிற இன்னொரு ஸ்டுடியோவுக்கும் வித்திருப்பாங்க. நிச்சயம் ஆன ஒரு பொண்ணு ராத்திரி பத்து மணிக்கு பன்னெண்டு போட்டோகிராஃபர் பேஜை வரிசையா பாக்குது, பன்னெண்டுலயும் ரெண்டு உயிர் ஒரு பயணம்தான்னா அது எதை வெச்சு உங்களைத் தேர்ந்தெடுக்கும்?

உங்க பேஜை பாத்தேன். படம் நல்லா இருக்கு, அதுல குறை இல்ல. தாலி கட்டற படம் ஒண்ணு போட்டிருக்கீங்க, 400 லைக் அதுக்குத்தான். யாரு போட்ட லைக்குன்னு பாத்தீங்களா? பாதிப்பேர் உங்களை மாதிரி போட்டோகிராஃபருங்க, மீதி அந்தப் பொண்ணு மாப்பிள்ளையோட ஃப்ரெண்ட்ஸ். கல்யாணம் பேசி முடிச்ச வீட்டுக்காரங்க லைக் போட மாட்டாங்க, சேவ் பண்ணிப்பாங்க, இல்ல ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல போட்டு "இவரை கேக்கலாமா சித்தப்பா"ன்னு கேப்பாங்க. உங்க கேப்ஷனை நிஜமா படிக்கப்போறவர் அந்த சித்தப்பாதான், அட்வான்ஸ் கொடுக்கறதும் பெரும்பாலும் அவர் கைதான். அவருக்கு ஹார்ட்டு வேணாம். எந்த ஊர், எத்தனை பேர் வருவாங்க, எவ்வளவு, ஆல்பம் உண்டா, அவ்வளவுதான்.

இன்ஸ்டால கேப்ஷன் முழுசா தெரியாது, முதல் ஒண்ணு ரெண்டு வரி மட்டும் காட்டிட்டு மீதியை மடிச்சு வெச்சிடும். மொத்தம் 2,200 எழுத்து வரைக்கும் எழுதலாம்னு இடம் கொடுத்துட்டு கண்ணுல படறதுக்கு ரெண்டு வரிதான் விடறான், சரி, அவன் கடை. அதனால அந்த முதல் ரெண்டு வரியில ஊரும், அந்தக் கல்யாணத்துல என்ன கஷ்டம் இருந்துச்சுன்றதும் வந்துடணும். உங்க படத்துக்கே எழுதிக் காட்டறேன். நீங்க போன்ல சொன்ன விவரம்தான், நான் ஒண்ணும் சேக்கலை.

"கும்பகோணம். விடியக்காலை 4.30 முகூர்த்தம், ஹோமப் புகை, மேடையைச் சுத்தி நாப்பது செல்போன். தாலி ஏறுற நேரத்துல பொண்ணோட முகம் மறையலை.

முதல் நாள் சாயங்காலமே மண்டபத்தைப் போய் பாத்துட்டோம். லைட்டை நேரா அடிக்காம பக்கவாட்டுல உயரமா வெச்சோம், நேரா அடிச்சா புகையில பட்டு படம் வெளுத்துடும். ஒரு கேமரா மேடைக்குக் கீழ உக்காந்து, இன்னொண்ணு பொண்ணோட அம்மா பக்கம். கெட்டிமேளம் சொல்றதுக்கு முன்னாடி ஒரு தலையாட்டல் போதும்னு வாத்தியார்கிட்ட முன்னாடியே பேசி வெச்சிருந்தோம்.

முதல் நாள் ரிசப்ஷன், மறுநாள் முகூர்த்தம், போட்டோ வீடியோ சேர்த்து நாலு பேர், ரெண்டு ஆல்பம். இந்த அளவு கல்யாணத்துக்கு 95,000 ரூபாயிலேர்ந்து.

உங்க முகூர்த்தத் தேதியும் ஊரும் மட்டும் வாட்ஸ்அப்ல அனுப்புங்க, அந்த நாள் காலியா இல்லையான்னு அன்னிக்கே சொல்லிடறோம். லிங்க் பயோவுல."

இதை பொண்ணோட அம்மா படிச்சா என்ன தோணும்னு யோசிங்க. அவங்க அக்கா பொண்ணு கல்யாணத்துல தாலி கட்டறப்ப யாரோ ஒரு மாமாவோட முதுகுதான் ஆல்பத்துல வந்திருக்கும், அந்த ஆத்திரம் இன்னும் போயிருக்காது. "முகம் மறையலை"ன்னு ஒரு வார்த்தை பாத்ததும் போனை எடுப்பாங்க. கேப்ஷன்ல நீங்க படத்தை வர்ணிக்க வேணாம், படம் அங்கயே இருக்கு. படத்துல தெரியாத விஷயத்தை, அதாவது அது எப்படி கிடைச்சுதுன்றதை எழுதுங்க. ஒவ்வொரு போஸ்ட்டுக்கும் ஒரு கஷ்டம் போதும். ஒண்ணு மழையில நடந்த மாப்பிள்ளை அழைப்பு, ஒண்ணு ட்யூப்லைட் மட்டும் இருக்கிற சின்ன மண்டபம், ஒண்ணு கூட்டத்துல நிக்கவே கூச்சப்படற மாப்பிள்ளை.

ரேட் போடலாமான்னு கேட்டீங்க, போடுங்க. ஆனா வெறும் நம்பரா போடாதீங்க, அதுக்குள்ள என்னென்ன அடங்கும்னு அதே வாக்கியத்துல இருக்கணும், "லேர்ந்து"ன்ற வார்த்தையும் இருக்கணும். வெறும் 95,000னு இருந்தா சித்தப்பா அதை 40,000 சொல்ற ஒரு ஆள்கூட வெச்சுப் பாப்பார், அந்த 40,000க்கு ஒரு ஆள் ஒரு கேமரான்னு அவருக்குத் தெரியாது. ரேட் போட்டா விசாரிப்பு குறையும்தான். குறையறது வாங்கவே போறதில்லாத ஆளுங்க.

கடைசி வரி முக்கியம். "டிஎம் ஃபார் என்கொயரீஸ்"னு நீங்க எழுதியிருக்கீங்க, என்னத்தை விசாரிக்கணும்னு படிக்கறவங்களுக்குத் தெரியலை. தேதியும் ஊரும்னு கேட்டா ரெண்டே வார்த்தையில பதில் போடலாம். அதோட நம்ம ஊர்ல ஒரே முகூர்த்த நாள்ல ஊருக்கே கல்யாணம், அவங்களோட முதல் பயமே நல்ல ஆள் எல்லாம் அன்னிக்கு போயிடுவாங்கன்றதுதான். அந்தப் பயத்தை தூண்டறேன்னு "இன்னும் ரெண்டு தேதி மட்டுமே பாக்கி"ன்னு பொய் எழுதாதீங்க, ஆடி மாசம் பூரா அதே வரி நின்னா சிரிப்பாங்க. ஆடின்னதும் ஞாபகம் வருது, கல்யாணமே இல்லாத மாசம்னு பேஜை தூங்க விட்டுடாதீங்க, ஆவணிக்கும் ஐப்பசிக்கும் ஆள் தேடறது அப்பதான்.

வாட்ஸ்அப் லிங்க்கை கேப்ஷன்ல ஒட்டினா வேலை செய்யாது, அழுத்தினா திறக்காது, அதை பயோவுல வைங்க. இப்படித்தான் இருக்கணும்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=Muhurtham%20date%20and%20place
```

91க்கு அப்புறம் உங்க பத்து நம்பர், நடுவுல ப்ளஸ், இடைவெளி, முன்னாடி சைபர் எதுவும் வேணாம். இதை அழுத்தினா தேதி ஊர் கேக்கற வரி அவங்க பாக்ஸுல தானா வந்து நிக்கும், அவங்க நிரப்பி அனுப்பினா போதும். அப்புறம் "கும்பகோணம் கல்யாண போட்டோகிராஃபர்"ன்றதை கேப்ஷன்ல ஒரு தடவை தமிழ்லயும் ஒரு தடவை இங்கிலீஷ் எழுத்துலயும் சாதாரணமா எழுதிடுங்க, தேடறப்ப அந்த வார்த்தையைத்தான் அடிப்பாங்க. இருபத்தெட்டு ஹேஷ்டேக் வேணாம், நாலு போதும். இதையெல்லாம் புதுசா போஸ்ட் போட்டுத்தான் செய்யணும்னு இல்ல, பழைய போஸ்ட்டோட கேப்ஷனையே திருத்தலாம், நல்லதா மூணை எடுத்து மேல பின் பண்ணிடுங்க.

இப்ப லீட் விக்கறவங்களைப் பத்தி. உங்களுக்கும் போன் வந்திருக்கும், "சார் உங்க ஏரியாவுல கல்யாணம் ஃபிக்ஸ் ஆன கஸ்டமர் நம்பர் தரோம், மாசம் இவ்வளவு"ன்னு. நான் ஆரம்பிச்ச புதுசுல ஒருத்தர்கிட்ட பத்து நம்பர் காசு கொடுத்து வாங்கினேன். முதல் நாலு பேர் "நீங்க எட்டாவது ஆளு சார்"னாங்க. அஞ்சாவது ஒரு அம்மா எடுத்து, "தம்பி என் பொண்ணு கல்யாணம் முடிஞ்சு பேரனுக்கு மொட்டையும் போட்டாச்சு"ன்னாங்க. ஃபாலோயர் விக்கறவங்களும் அதே கூட்டம்தான், எங்கயோ வேற தேசத்துல இருக்கிற பொம்மை அக்கவுண்ட் உங்க மண்டபத்துக்கு வந்து தாலி கட்டப் போறதில்ல. மண்டபத்து மேனேஜர் கமிஷன் கேக்கறதும் உண்டு, அதுக்குள்ள போனா இன்னிக்கு முடியாது, விடுங்க.

ஒரு விஷயம் மட்டும் நிதானமா படிங்க, இதுல நிறைய பேர் மாட்டறாங்க. அந்தப் படம் உங்களோடதுதானா? நம்ம ஊர் காப்பிரைட் சட்டம் 1957, 17ஆவது பிரிவுல, ஒருத்தர் காசு கொடுத்து கேட்டு எடுத்த போட்டோன்னா, வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாத வரைக்கும் அதோட முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர்தான்னு இருக்கு. பட்டனை அழுத்தினவன் நாமன்னு நம்ம நினைப்பு, சட்டம் அப்படி சொல்லலை, வாட்டர்மார்க் போட்டாலும் மாறாது. அதனால அட்வான்ஸ் ரசீதுலயே ஒரு வரி அச்சடிச்சிடுங்க, "தேர்ந்தெடுத்த படங்களை எங்க விளம்பரத்துக்கும் சமூக வலைத்தளத்துக்கும் பயன்படுத்த சம்மதம்"னு, கீழ கையெழுத்து. சில வீட்ல பேர் போடாதீங்கம்பாங்க, போடாதீங்க, கேப்ஷனுக்கு ஊரும் நேரமும் போதும். வீட்டுப் பேர், தெரு, நகை எத்தனை பவுன், இதெல்லாம் எழுதவே வேணாம்.

இதுலயே இன்னும் சிக்கல், நீங்க வேற ஸ்டுடியோவுக்கு கேண்டிட் ஆளா போய் எடுத்த படம். உங்க பேஜுல அந்த மாதிரி ரெண்டு இருக்குன்னு நினைக்கறேன், ஏன்னா பாண்டிச்சேரி கடற்கரை கல்யாணத்துக்கு நாலு கேமரா வெச்சு எடுக்கற அளவு வேலை இன்னும் உங்ககிட்ட தனியா வந்ததா நீங்க சொல்லலை. உங்களுக்குக் காசு கொடுத்தது ஸ்டுடியோ, ஸ்டுடியோவுக்குக் கொடுத்தது பொண்ணு வீடு, நடுவுல நீங்க வாய்ப்பேச்சுல போனவர். ஸ்டுடியோகாரர்கிட்ட வாட்ஸ்அப்லயாவது எழுத்துல கேளுங்க, பொண்ணு வீட்டு சம்மதம் அவர்கிட்ட இருக்கான்னும் கேளுங்க, போட்டா கேப்ஷன் முதல் பத்தியிலயே "இன்னார் ஸ்டுடியோவுக்காக எடுத்தது, நான் கேண்டிட் மட்டும்"னு எழுதுங்க. எழுதாம போட்டா அதைப் பாத்து விசாரிக்க வர்ற வீடு அந்தப் படத்துல இருக்கிற மொத்த லைட்டிங்கும் ட்ரோனும் உங்ககிட்ட எதிர்பாக்கும், உங்களால கொடுக்க முடியாது. நான் இப்படி ஒரு படம் போட்டு, அந்த ஸ்டுடியோ ஒரு வருஷம் என்னைக் கூப்பிடலை, தப்பு என்மேலதான்.

கடைசியா ஒண்ணு, இன்ஸ்டால மெசேஜ் ரெக்வெஸ்ட்ஸ்னு ஒரு தனி மூலை இருக்கு, உங்களை ஃபாலோ பண்ணாத, நீங்களும் ஃபாலோ பண்ணாத ஆளுங்க அனுப்பற மெசேஜ் பெரும்பாலும் அங்கதான் போய் விழும், சத்தமும் வராது. கல்யாண வீட்டுக்காரங்க உங்களை ஃபாலோ பண்ணிட்டா விசாரிப்பாங்க? தொழில் பண்றவனுக்கு வர்ற விசாரிப்பை ஒளிச்சு வைக்கறதை யார் கண்டுபிடிச்சாங்களோ தெரியலை, கேக்க ஒரு மனுஷன் நம்பரும் கிடையாது. ஒரு மெசேஜ் கூட வரலைன்னீங்களே, முதல்ல அதைத் திறந்து பாருங்க தம்பி. போன தடவை இதே புகாரோட வந்த ஒரு பையனுக்கு அங்க பதினோரு மெசேஜ் கிடந்துச்சு, அதுல மூணு பேரோட கல்யாணம் ஏற்கெனவே முடிஞ்சிருந்துச்சு.