ஒரே பாட்டிலில் ஸ்டெஃபைலோகாக்கஸ், சிறுநீரில் மூன்று கிருமிகள்: எதை நம்புவது?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. நாலு நாளாகக் காய்ச்சல், சிறுநீர் போகும்போது எரிச்சல். வீட்டுக்கு வந்து வாங்கிப்போன சிறுநீர் கல்ச்சரில் "மூன்று வகைக் கிருமிகள் கலந்து வளர்ந்துள்ளன, மறுபடி மாதிரி தரவும்" என்று வந்தது. அதற்குள் வீட்டில் இருந்த ஆன்டிபயாடிக்கை இரண்டு நாள் சாப்பிட்டுவிட்டார். ரத்தக் கல்ச்சர் ஒரே பாட்டில்தான் எடுத்தார்கள். அதில் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்று வந்ததால், பெரிய ஊசி மருந்து போட வேண்டும் என்கிறார்கள். எதை நம்புவது? மறுபடி எடுப்பதென்றால் எப்படி எடுக்க வேண்டும்?

பதில்: முதலில் சிறுநீர். மூன்று கிருமிகள் கலந்து வளர்ந்தால், அம்மாவின் சிறுநீர்ப்பையில் மூன்று கிருமிகள் இருப்பதாக அர்த்தம் இல்லை. சிறுநீர் போக டியூப் போடாத ஒருவருக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால், பெரும்பாலும் ஒரே ஒரு வகைக் கிருமிதான் அடர்த்தியாக வளரும். மூன்று வகை வந்தால் அது தோலிலிருந்தும் பிறப்புறுப்பைச் சுற்றியும் ஒட்டிவந்தது என்றுதான் எடுத்துக்கொள்வோம். அந்த ஆய்வகம் ஏதாவது ஒரு கிருமியின் பெயரைப் போட்டு மருந்துப் பட்டியலையும் இணைத்து அனுப்பாமல் மறுமாதிரி கேட்டிருக்கிறது. அவர்கள் செய்தது சரி.

தவறு அதற்கு முன்பே நடந்திருக்கிறது. வீடு வீடாகப் போய் மாதிரி வாங்கும் ஏற்பாட்டைப் பற்றி எனக்குப் பல வருடக் கோபம் உண்டு. மாதிரி வாங்க வருபவர் காலை ஆறரைக்கு உங்கள் வீட்டில் டப்பாவை வாங்குகிறார். இன்னும் ஐந்தாறு வீடு முடித்து, பத்து மணிக்குச் சேகரிப்பு மையத்தில் கொடுக்கிறார். அங்கிருந்து வண்டி கிளம்பி ஆய்வகத்தில் எங்கள் கைக்கு வரும்போது மதியம் ஒரு மணி. சிறுநீர் கிருமிகளுக்கு நல்ல தீனி. எடுக்கும்போது ஒட்டிவந்த ஈ.கோலை ஒரு மில்லிக்கு வெறும் 1,000 இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஒரு மணி நேரம் சும்மா இருந்துவிட்டு, அப்புறம் அரை மணிக்கு ஒரு முறை இரட்டிப்பாகிறது என்றால், 2,000, 4,000, 8,000 என்று போய் ஏழாவது இரட்டிப்பில் 1,28,000 ஆகிவிடும். பகல் பதினொன்றுக்கே அந்த நிலை வந்துவிடுகிறது. ஒரு மில்லிக்கு 1 லட்சம் என்ற எல்லைக்கோடு 1950-களில் எட்வர்ட் காஸ் என்ற மருத்துவரின் ஆய்விலிருந்து வந்தது. அதைத் தாண்டினால் தொற்று என்று பொதுவாகப் படிக்கிறோம். ஆக, மாதிரி வாங்கியவரின் பைக்குள் இருந்தபடியே ஒரு தொற்று உருவாகிவிட்டது. அம்மாவுக்கு அதில் சம்பந்தமே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கல்ச்சர் தட்டில் தடவ நாங்கள் எடுப்பது பெரும்பாலும் ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு சிறுநீர்தான். தட்டில் முளைக்கும் ஒவ்வொரு புள்ளியையும் 1,000 என்று கணக்கிடுவோம். விரல் பட்டு விழுந்த கொஞ்சம் கிருமிகூட ரிப்போர்ட்டில் பெரிய எண்ணாக நிற்பது இதனால்தான்.

மறுபடி எடுக்கும்போது இப்படிச் செய்யுங்கள். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் நல்லது. அது முடியாவிட்டால், கடைசியாகப் போய் நாலு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். நிறையத் தண்ணீர் குடிக்கவைத்து அவசரமாக எடுக்க வேண்டாம், கிருமி நீர்த்துப்போகும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, அந்தரங்க உறுப்பை முன்னாலிருந்து பின்னாக வெறும் தண்ணீரால் கழுவித் துடைக்கட்டும். சோப்புப் போட்டால் நன்றாக அலச வேண்டும். கிருமிநாசினி திரவம் எதுவும் வேண்டாம். அதன் மிச்சம் டப்பாவில் விழுந்தால் உண்மையான கிருமியும் செத்து, தொற்றே இல்லை என்று ரிப்போர்ட் வரும். ஒரு கையால் இதழ்களை விரித்துப் பிடித்தபடி முதலில் வருவதைக் கழிப்பறையில் விட்டுவிட வேண்டும். ஓட்டத்தை நிறுத்தாமல், நடுவில் வருவதை டப்பாவில் பிடிக்க வேண்டும். 10 முதல் 20 மில்லி போதும். கடைசிச் சிறுநீரும் வேண்டாம். டப்பாவின் உட்புறத்திலும் மூடியின் உட்புறத்திலும் விரல் படக்கூடாது. ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய டப்பா மட்டும்தான் உதவும். கழுவிக் காயவைத்த வேறு பாட்டில் எதையும் பயன்படுத்தாதீர்கள்.

எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் இருக்க வேண்டும். முடியாதென்றால் உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம், கீழ்த்தட்டு போதும். 24 மணி நேரம் வரை தாங்கும். வழியிலும் ஐஸ் பெட்டியில்தான் போக வேண்டும். நீங்களே நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாவற்றையும்விட நல்லது. சில ஆய்வகங்கள் உள்ளே போரிக் அமிலப் பொடி போட்ட டப்பா தருவார்கள். அது கிருமியைப் பெருகவிடாமல் நிறுத்தும். ஆனால் குறித்திருக்கும் கோடு வரை நிரப்ப வேண்டும். பாதி டப்பாவாகக் கொடுத்தால் இருக்கும் சிறுநீருக்குப் பொடி அதிகமாகி, இருக்கிற கிருமியையே அமுக்கிவிடும்.

உங்கள் அம்மாவுக்கு டியூப் இல்லை என்று தெரிகிறது. ஆனாலும் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. படுக்கையில் இருப்பவர்களின் சிறுநீர்ப் பையிலிருந்து குழாயைத் திறந்து டப்பாவில் பிடித்து அனுப்புகிறார்கள். வாரம் தவறாமல் பார்க்கிறேன். பையில் இருப்பது பல மணி நேரம் அறை வெப்பத்தில் ஊறிய சிறுநீர். அதில் கிருமி வளராமல் இருந்தால்தான் ஆச்சரியம். டியூபில் மாதிரி எடுக்கவென்றே ஒரு ரப்பர் வாய் இருக்கும். அதற்குக் கொஞ்சம் கீழே டியூபை 15 நிமிடம் போல இடுக்கி வைத்து, ரப்பர் வாயை ஸ்பிரிட்டால் தேய்த்துக் காயவிட்டு, புது சிரிஞ்சால் உறிஞ்ச வேண்டும். எடுத்ததும் இடுக்கியைக் கழற்ற மறக்கக்கூடாது, மறந்தால் சிறுநீர் மேலே தேங்கும். அதோடு டியூப் போட்டுப் பல வாரம் ஆகியிருந்தால் அதன் உட்சுவரில் கிருமிகள் படலமாக ஒட்டியிருக்கும். அந்த டியூபை மாற்றிவிட்டு, புது டியூப் வழியாக வருவதைத்தான் அனுப்ப வேண்டும். காய்ச்சலோ வேறு அறிகுறியோ இல்லாதவருக்கு, டியூப் இருக்கிறது என்பதற்காகவே கல்ச்சர் அனுப்புவதையும் நிறுத்த வேண்டும். வளரும், மருந்து கொடுப்பார்கள், அடுத்த முறை அந்த மருந்துக்குப் பணியாத கிருமி வளரும்.

லேபிள் விஷயத்தில் நீங்களே கண்காணிப்பாளராக இருங்கள். எங்களிடம் ஒரு முறை ஒரே பெயர்கொண்ட இரண்டு பெண்களின் டப்பாக்கள் ஒன்றாக வந்தன. பெயரை மூடியில் எழுதியிருந்தார்கள். திறந்து மூடும்போது மூடிகள் மாறிவிட்டன. ஒருவருக்குப் பல மருந்துகளுக்குப் பணியாத கிருமி, மற்றவருக்கு ஒன்றுமே இல்லை. ரிப்போர்ட் தலைகீழாகப் போனது. நல்லவேளை, மருத்துவர் சந்தேகப்பட்டுக் கேட்டதால் தெரிந்தது. எனவே லேபிள் டப்பாவின் உடம்பில் இருக்க வேண்டும். மாதிரி எடுத்த பிறகு, உங்கள் கண்முன்னால் ஒட்ட வேண்டும். பெயர், வயது, பதிவு எண், தேதி, எடுத்த நேரம், எடுத்த விதம் எல்லாம் அதிலோ படிவத்திலோ இருக்கட்டும். ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்த நேரத்தைப் போட்டால் பயனில்லை. பல படிவங்களில் எடுத்த நேரத்துக்குக் கட்டமே கிடையாது. எத்தனை முறை எழுதிக் கேட்டும் அச்சடிப்பவர்கள் சேர்க்கவில்லை. ஓரத்தில் நீங்களே எழுதிவிடுங்கள். அம்மா சாப்பிட்ட ஆன்டிபயாடிக்கின் பெயரையும் கடைசி மாத்திரை எப்போது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அது தெரியாவிட்டால், கிருமி வளராத தட்டைப் பார்த்து நாங்கள் தவறாக முடிவுகட்டுவோம். மாதிரிக்காக மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். மருத்துவரைக் கேட்டு, அடுத்த வேளை மருந்துக்குச் சற்று முன்னால் எடுங்கள்.

இனி ரத்தம். ஸ்டெஃபைலோகாக்கஸ் என்பது குடும்பப் பெயர். அதன் பின்னால் வரும் சொல்லைப் படித்துப் பாருங்கள். 'ஆரியஸ்' என்று இருந்தால் ஒரே பாட்டிலில் வந்தாலும் உண்மை என்றே எடுத்துக்கொண்டு சிகிச்சை தர வேண்டும், அதில் விவாதம் இல்லை. 'எபிடெர்மிடிஸ்' அல்லது 'கோயாகுலேஸ் நெகட்டிவ்' என்று இருந்தால், அது நம் எல்லோர் தோலிலும் குடியிருக்கும் கிருமி. ஊசி தோலைத் துளைக்கும்போது கூடவே உள்ளே போயிருக்கலாம். செயற்கை இதய வால்வு, பேஸ்மேக்கர் போன்றவை உடலில் இருப்பவர்களுக்கு இந்தக் கிருமியையும் அலட்சியப்படுத்த முடியாது. அம்மாவுக்கு அப்படி ஏதாவது இருந்தால் முதலில் சொல்லிவிடுங்கள்.

ஒரே பாட்டிலை வைத்து இதை யாராலும் தீர்க்க முடியாது. அதனால்தான் இரண்டு தனித்தனி இடங்களில், உதாரணமாக இரண்டு கைகளிலும், தனித்தனியாகக் குத்தி எடுக்கச் சொல்கிறோம். இரண்டிலும் அதே கிருமி வந்தால் நம்பலாம். ஒன்றில் மட்டும் தோல் கிருமி வந்தால் அது பெரும்பாலும் ஒட்டிவந்ததுதான். பெரியவர்களுக்கு ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பாட்டில், பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி. இவ்வளவு ரத்தமா என்று பயப்பட வேண்டாம். உண்மையான ரத்தத் தொற்றில்கூட ஒரு மில்லிக்கு ஒன்றிரண்டு கிருமிதான் இருக்கலாம். 3 மில்லி எடுத்தால் தவறிவிடும்.

எடுக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஏற்கெனவே மருந்து ஏற்றப் போட்டிருக்கும் ஊசிக்குழாயிலிருந்து எடுக்க வந்தால், புதிதாகக் குத்தி எடுக்கச் சொல்லுங்கள். குளோர்ஹெக்ஸிடின் கலந்த ஸ்பிரிட்டால் அரை நிமிடம் தேய்த்து, தானாகக் காயவிட வேண்டும். ஊதிக் காயவைக்கக் கூடாது. அதன் பிறகு நரம்பைத் தேடி விரலால் தொட்டுவிட்டால் மறுபடி துடைக்க வேண்டும். பாட்டில் மூடியைக் கழற்றியதும் தெரியும் ரப்பரையும் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும், அது சுத்தமானது இல்லை. ரத்தப் பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. சிறுநீர் டப்பாவோடு சேர்த்து அதே ஐஸ் பெட்டியில் போடுவதைப் பார்த்தால் எடுத்து வெளியே வைக்கச் சொல்லுங்கள். குளிரில் சில கிருமிகள் செத்துவிடும்.

ஊசி மருந்து வேண்டுமா என்பதை அம்மாவைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கிருமியின் முழுப்பெயர் என்ன, எத்தனை மணி நேரத்தில் வளர்ந்தது, இன்னும் இரண்டு இடத்தில் எடுத்துவிட்டு ஆரம்பிக்கலாமா என்று அவரிடம் கேளுங்கள். தோலிலிருந்து வந்தது பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் எடுத்துக்கொண்டு மெதுவாகத்தான் வளரும். ஆனால் குளிர் நடுக்கம், குழப்பமான பேச்சு, ரத்த அழுத்தம் இறங்குவது இவற்றில் ஒன்று இருந்தாலும், மாதிரியைச் சில நிமிடங்களில் எடுத்துவிட்டு மருந்தை உடனே போடட்டும், ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. அப்படி இல்லாமல் அம்மா தெம்பாக இருந்து, புதிதாக எடுத்த நாலு பாட்டிலிலும் ஐந்து நாள் வரை ஒன்றும் வளராமல், சிறுநீரில் ஒரே கிருமி 1 லட்சத்துக்கு மேல் சீழ் அணுக்களோடு வந்தால், காய்ச்சலுக்குக் காரணம் சிறுநீர்க் கிருமிதான். மருந்து அந்தக் கிருமிக்குத்தான் வேண்டும்.