இரவு 11 மணிப் பசி

அன்புள்ள ஐயா,

காலையில் எனக்குப் பசிப்பதே இல்லை, காபி மட்டும்தான். எடை குறைப்பதற்காக மதியமும் கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறேன். இரவு 8.30-க்கு வயிறு நிறையச் சாப்பிட்டும், 11 மணிக்கு போனோடு சோபாவில் சாய்ந்தால் கை பிஸ்கட் டப்பாவுக்குப் போய்விடுகிறது. படுக்க 12.30 ஆகும், 6 மணிக்கு எழ வேண்டும். இது லெப்டின் குறைபாடு என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். பரிசோதனை செய்து மாத்திரை எடுத்துக்கொள்ளலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பரிசோதனையும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். லெப்டின் பசியோடு தொடர்புள்ள ஒரு ஹார்மோன், அதுவும் ஒரு புரதம். விழுங்கினால் மற்ற புரதங்களைப் போலவே செரித்துப்போகும், ரத்தத்துக்குப் போய்ச் சேராது. லெப்டினைச் சுரக்கவே முடியாமல் பிறக்கிறவர்கள் உண்டு, ஆனால் மிக அபூர்வம். அவர்களுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே அடங்காத பசியும் கடுமையான உடல்பருமனும் வந்துவிடும். சிகிச்சை ஊசிதான். 11 மணிக்கு மட்டும் தலைகாட்டும் பசி அந்த வகை அல்ல.

1994-ல் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு லெப்டினைக் கண்டுபிடித்தது. அதைச் சுரப்பவை கொழுப்புச் செல்கள். கொழுப்பு கூடினால் ரத்தத்தில் லெப்டினும் கூடும். உடல்பருமன் உள்ள பெரும்பாலோருக்கு அது குறைவாக இல்லை, நிறையவே இருக்கிறது, மூளை அதற்குச் செவிசாய்ப்பதுதான் குறைந்துவிடுகிறது. 'போதும், தட்டை எடு' என்று சொல்லும் வேலை லெப்டினுடையது அல்ல. கொழுப்பு இருப்பு எவ்வளவு என்று மூளைக்குக் கணக்குக் காட்டுவதுதான் அதன் வேலை.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு கோணல் உண்டு. சாப்பாட்டை நன்றாகக் குறைத்தால், கொழுப்பு பெரிதாகக் கரையும் முன்பே, ஓரிரு நாளில் லெப்டின் இறங்கிவிடும். இருப்பு அப்படியே இருக்க, பஞ்சம் வந்துவிட்டது என்று மூளைக்குச் சேதி போகும். உங்கள் காபிக் காலையும் அரைவயிற்று மதியமும் செய்வது இதுவாக இருக்கலாம். வீடியோவில் சொன்னதில் பாதி உண்மை இங்கே இருக்கிறது. லெப்டின் குறையலாம், ஆனால் அது நோயால் அல்ல, நீங்கள் பகலில் கட்டும் வயிற்றால்.

இன்னொன்று, வழக்கமாக லெப்டின் இரவில் ஏறும், நள்ளிரவை ஒட்டியும் அதற்குப் பிறகும் உச்சத்தில் இருக்கும். விடியும்வரை சாப்பாடு இல்லாமல் நம்மால் தூங்க முடிவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆகவே 11 மணிக்கு லெப்டின் சட்டென்று சரிந்து பசி கிளம்புகிறது என்று நினைக்க வேண்டாம். சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போட்டால் இந்த ஏற்ற இறக்கமும் தள்ளிப்போகும். பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் 2022-ல் வெளியிட்ட சோதனை ஒன்றில், எடை கூடுதலான 16 பேருக்கு ஒரே உணவை ஒரே அளவில் கொடுத்தார்கள். ஒருமுறை வழக்கமான நேரத்தில், மறுமுறை சுமார் 4 மணி நேரம் தள்ளி. தள்ளிச் சாப்பிட்டபோது பசி கூடியது, விழித்திருக்கும் நேரத்து லெப்டின் குறைந்தது. கலோரியில் வித்தியாசமே இல்லை, மாறியது கடிகாரம் மட்டும்தான்.

காலையில் பசிக்காததற்கும் காரணம் உண்டு. சாப்பாடு, தூக்கம், வெளிச்சம் எல்லாவற்றின் பாதிப்பையும் பிரித்து, உடல் கடிகாரத்தை மட்டும் தனியே பார்த்த ஆய்வு ஒன்று 2013-ல் வந்தது. பசி காலை 8 மணி வாக்கில் அடியிலும், இரவு 8 மணி வாக்கில் உச்சத்திலும் இருந்தது. இது பொதுவான மனித இயல்பு. நீங்கள் பசி குறைந்த வேளையில் சாப்பாட்டை மிச்சம் பிடிக்கிறீர்கள், பசி ஓங்கும் வேளையில் அந்தக் கடன் வந்து நிற்கிறது. தூக்கமும் சேர்ந்துகொள்கிறது. ஐந்தரை மணி நேரம் போதாது. தூக்கம் குறைந்தால் லெப்டின் குறைகிறதா என்பதில் ஆய்வுகள் ஒரே பதிலைத் தரவில்லை, ஆனால் தூக்கம் கெட்டவர்கள் மறுநாள் கூடுதலாகச் சாப்பிடுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள்.

சரி, இதெல்லாம் பசியின் கதை. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது 'கை போய்விடுகிறது' என்ற வரி. நீங்கள் முடிவெடுத்து டப்பாவைத் திறக்கவில்லை, கை தானாகப் போகிறது. அமெரிக்காவில் நடந்த சோதனை ஒன்றில் சினிமா பார்க்க வந்தவர்களுக்குப் பாப்கார்ன் கொடுத்தார்கள். சிலருக்குப் புதிது, சிலருக்கு ஒரு வாரப் பழையது. தியேட்டரில் பாப்கார்ன் தின்றே பழகியவர்கள், நன்றாக இல்லை என்று தெரிந்தும், பழையதையும் புதியதற்குச் சமமாகத் தின்றார்கள். அதே பழக்கம் உள்ள வேறு சிலர் கூட்ட அறையில் உட்கார்ந்து வேறு ஏதோ பார்த்தபோது அப்படி நடக்கவில்லை. வழக்கமில்லாத கையால் எடுத்துச் சாப்பிடச் சொன்னபோதும் பழையதைத் தொடுவது குறைந்தது. உங்களுக்குத் தியேட்டர் அந்த சோபா. 11 மணி, போன், சாய்ந்த முதுகு மூன்றும் கூடினால் போதும், பசியைக் கேட்காமலே கை கிளம்பிவிடும்.

மூன்றாவது ஆள் மன அழுத்தம். கார்ட்டிசால் மாலைக்குப் பிறகு தணிய வேண்டிய ஹார்மோன். இரவு 10 மணிக்கு அலுவலக மெயிலைத் திறந்து பதறினால் அது மறுபடி ஏறலாம், அப்போது மனம் கேட்பது பெரும்பாலும் இனிப்பும் கொழுப்பும் கலந்த பண்டத்தைத்தான். அதோடு நாள் முழுக்க வாயைக் கட்டியவருக்கு அந்த 11 மணிதான் யாரும் எதுவும் கேட்காத முதல் நேரம். பிஸ்கட் அங்கே சாப்பாடாக வேலை செய்யவில்லை, ஓய்வு தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளமாக இருக்கிறது.

எது எப்போது என்று பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. டப்பாவைத் தொடும் முன், இரவு சாப்பிட்ட அதே சாப்பாடு இன்னொரு தட்டு வந்தால் சாப்பிடுவேனா என்று கேட்டுப் பாருங்கள். சாப்பிடுவேன் என்றால் பசி, தயங்காமல் சாப்பிடுங்கள். பிஸ்கட்தான் வேண்டும் என்றால், எழுந்து வேறு அறைக்குப் போய் 20 நிமிடம் ஏதாவது செய்யுங்கள். பழக்கத்தால் வந்தது பெரும்பாலும் அடங்கிவிடும், பசி என்றால் ஏறும். அழுத்தத்தால் வந்தது வேலை மோசமான நாள்களில் வரும், நல்ல நாள்களில் வராது. பழக்கம் விடுமுறை நாளிலும் வரும், சோபா இருந்தால் போதும்.

பிஸ்கட்டை நிறுத்துவதிலிருந்து தொடங்காதீர்கள். எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள், பகல் பட்டினி அப்படியே இருப்பதால் நாலாம் நாள் டப்பா இருமடங்கு காலியாகிறது. முதல் இரண்டு வாரம் இரவைத் தொடவே வேண்டாம். மதியம் புரதம் சேர்த்து முழுச் சாப்பாடு, 5 மணி வாக்கில் வயிற்றில் நிற்கிற மாதிரி ஏதாவது. முடிந்தால் இரவுச் சாப்பாட்டை ஒரு மணி நேரம் முன்னே கொண்டுவாருங்கள். அதற்குப் பிறகும் 11 மணிக்குக் கை போனால் அது பெரும்பாலும் பழக்கம். அப்போது போனை வேறு இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். பிஸ்கட் வேண்டுமானால் மேஜையில் தட்டில் வைத்து, போன் இல்லாமல் சாப்பிடுங்கள். நாலு பிஸ்கட்டுக்கு மேல் ருசி எவ்வளவு குறைகிறது என்று அப்போது தெரியும்.

சில நிலைமைகளில் இந்தப் பதில் போதாது. தூக்கத்திலிருந்து எழுந்து, சாப்பிட்டால்தான் மறுபடி தூங்க முடியும் என்ற நிலை வாரம் இரண்டு முறையாவது வந்தாலோ, நாள் முழுக்கச் சாப்பிடுவதில் கால்பங்குக்கு மேல் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகே போனாலோ, அது மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் 1955-லேயே விவரித்த இரவு உண்ணும் கோளாறாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. சோல்பிடெம் போன்ற தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு, சாப்பிட்டதே நினைவில்லாமல் காலையில் காலிப் பாக்கெட்டைப் பார்த்தால், மாத்திரை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவருக்கு இரவில் வியர்வையும் நடுக்கமுமாகப் பசி வந்தால், 20 நிமிடம் பொறுத்துப் பார்க்கும் வேலையே கூடாது. முதலில் இனிப்பாக ஏதாவது சாப்பிட வேண்டும், அப்புறம் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும்.