பேட்மின்டன் கிளியருக்குப் பிடியும் நிலையும்: ஒன்றரை நிமிட வீடியோவுக்கு என்ன எழுதுவது? பெங்களூரு கோச்சிடம் கேள்வி பதில்

ஒயிட்ஃபீல்ட் அப்பா: எங்கள் அப்பார்ட்மென்ட் பசங்களுக்கு கிளியர், அதாவது ஷட்டிலை உயரமாக எதிராளியின் பேக் லைன் வரை அனுப்பும் அடி, சொல்லித்தர ஒன்றரை நிமிட வீடியோ எடுக்கப் போகிறேன். முதலில் கிரிப்பா, ஸ்டான்ஸா?

கிரிப். ஆனால் தனிப் பாடமாக வேண்டாம். புதிதாக ஆடுபவர் பேட்டைத் தோசைத் திருப்பி மாதிரிதான் பிடிப்பார். அந்தப் பிடியில் பேட்டின் வலைமுகம் ஏற்கனவே எதிராளியைப் பார்த்து நிற்கும். திரும்பி நிற்க உடம்புக்கு அவசியமே இல்லை, மார்பை நெட்டுக்குக் காட்டியபடியே தட்டிவிடலாம். "பக்கவாட்டில் நில்" என்று நீங்கள் நூறு முறை கத்தினாலும், பிடி மாறாதவரை பத்து நொடியில் பழையபடி நேராகத் திரும்பிவிடுவார். அதனால் ஸ்கிரிப்டில் இரண்டையும் ஒரே மூச்சில் கோத்துவிடுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன், வலது கைக்காரருக்கு:

"இடது கையால பேட்டோட கழுத்தப் பிடிங்க. வலைமுகம் பக்கத்துச் சுவரப் பார்க்கட்டும், நெட்டப் பார்க்க வேண்டாம். இப்போ வலது உள்ளங்கைய வலைமுகத்து மேல வச்சு, அப்படியே கைப்பிடி வரைக்கும் வழுக்கிட்டு வாங்க. மூடுங்க. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கற 'வி' பள்ளம் கைப்பிடியோட மேல் விளிம்புல, இல்ல அதையொட்டின இடப்பக்கச் சரிவுல இருக்கணும். ஆள்காட்டி விரல் கொஞ்சம் மேலே தள்ளி இருக்கட்டும். இறுக்காதீங்க. கைய முன்னால நீட்டுங்க, பேட் உங்களுக்கு ஒரு கோடாத்தான் தெரியணும்.

இப்போ வலது காலப் பின்னால வைங்க. தோள் அகலத்தவிடக் கொஞ்சம் அதிக இடைவெளி. எடை பின்கால்ல. தொப்புள் எந்தச் சுவரப் பார்க்குது? வலப்பக்கச் சுவர், சரி. வலது முழங்கை தோள் உயரத்துல, பின்னால. பேட் தலை மேலே. இடது கை ஷட்டில் வர்ற திசையில உயரட்டும்."

அடிப்பதைக் கடைசி இருபது நொடியில் காட்டினால் போதும். "கை குலுக்குவது போல" என்று எழுத வேண்டாம் என்பது என் கட்சி. அப்படிச் சொன்னால் பாதிப் பேர் மேனேஜர் கையைக் குலுக்குகிற மாதிரி இறுக்கிவிடுகிறார்கள்.

இந்திராநகர், கல்லூரி மாணவி: கிரிப்பை மாத்தினதும் பேட் விளிம்புல பட்டு ஷட்டில் பக்கத்துல ஓடுது அண்ணா. பழைய பிடியிலயாவது நெட்டைத் தாண்டிச்சு.

எல்லோரும் புதுப் பிடியைக் கைவிடுவது இந்த இடத்தில்தான். வீடியோவிலேயே இதைச் சொல்லிவைக்க வேண்டும். உங்கள் பிடி இப்போது சரி, முன்கை மட்டும் இன்னும் திரும்பவில்லை. முழங்கையைத் தோள் உயரத்தில் வைத்துக்கொண்டு முன்கையை நிமிர்த்துங்கள். உள்ளங்கை காதைப் பார்க்கட்டும். அங்கிருந்து நெட்டைப் பார்க்கத் திருப்புங்கள். விளிம்பாக வந்த பேட் கடைசி நேரத்தில் முழு முகத்தைக் காட்டும். ஷட்டில் இல்லாமல் சுவர் முன்னால் நின்று இதைச் செய்யுங்கள். பிறகு ஒருவர் கையால் எறிய, தலைக்கு மேலே, கொஞ்சம் முன்னால் வைத்து அடியுங்கள். இறுக்காதீர்கள். படும் கணத்தில் மட்டும் விரல்கள் மூடினால் போதும்.

பெல்லந்தூர் ஐடி ஊழியர்: பேக் லைன்லேர்ந்து கிளியர் அடிச்சா எதிர்ப்பக்க சர்வீஸ் லைன் கிட்டவே விழுது. ஜிம் போய் தோளை ஏத்தணுமா?

ஜிம் அப்புறம். உங்கள் ஆட்டத்தைப் பேட் பிடிக்கும் கைப்பக்கமிருந்து மொபைலில் எடுத்து, ஷட்டில் படுவதற்குச் சற்று முந்தைய ஃபிரேமில் நிறுத்துங்கள். மூன்றைப் பாருங்கள். மார்பு எங்கே திரும்பியிருக்கிறது? முழங்கை தோளுக்குக் கீழே தொங்குகிறதா? ஷட்டில் தலைக்குப் பின்னால் போய்விட்டதா? கோர்ட்டின் நீளம் 13.4 மீட்டர். முனையிலிருந்து முனைக்குப் போக முழு உடம்பும் சுழல வேண்டும். நேராக நின்று கையை மட்டும் மடக்கித் தட்டினால் நீங்கள் சொல்லும் இடத்தில்தான் விழும். மார்பு நெட்டைப் பார்த்திருந்தால் முதலில் பிடியைப் பாருங்கள். முதல் பதிலில் இருக்கிறது.

ஜெயநகர்: பேட் நரம்புக்கு எத்தனை பவுண்டு டென்ஷன் போடலாம்?

கடையில் போட்டுக் கொடுத்தபடியே ஆடுங்கள்.

மல்லேஸ்வரம், வாரக்கடைசி ஆட்டக்காரர்: கிளியருக்கு சக்தியே மணிக்கட்டுலதான் சார். எங்க சீனியர் முப்பது வருஷமா அதைத்தான் சொல்றார். நீங்க முன்கைன்னு குழப்பறீங்க.

உங்கள் சீனியர் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறார். மணிக்கட்டு பின்னால் மடிந்து நிமிர்வது உண்மை, ஆனால் வேகத்தின் பெரும்பங்கு முன்கையும் மேற்கையும் உட்பக்கமாகச் சுழல்வதில் இருக்கிறது. தோசைத் திருப்பிப் பிடியில் முன்கையைச் சுழற்றிப் பாருங்கள், வலைமுகம் பக்கச் சுவரைப் பார்க்கத் திரும்பிவிடும். அந்தப் பிடிக்காரருக்கு மணிக்கட்டை முன்னால் மடக்குவதைத் தவிர வழியே இல்லை. "மணிக்கட்டை உதறு" என்று வீடியோவில் சொன்னால், தப்பான பிடியோடு இருப்பவர் அதையே இன்னும் வேகமாகச் செய்வார்.

கோரமங்கலா, ஸ்கூல் பி.டி. மாஸ்டர்: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எட்டு வயசுக் குழந்தைக்கு முன்கைச் சுழற்சி புரியாது. "ரிஸ்ட்" என்று சொல்லித் தொட்டுக் காட்டினால் கை தானாகச் சுழல்கிறது. சொல் தப்பு, விளைவு சரி.

பிடி சரியாக இருக்கும் குழந்தைக்கு ஒத்துக்கொள்கிறேன். நேரில் தொட்டுக் காட்ட உங்களால் முடியும், வீடியோவால் முடியாது.

மல்லேஸ்வரம் மறுபடியும்: அப்போ மணிக்கட்டும் உண்டுன்னு ஒத்துக்கிட்டீங்க.

உண்டு. மாஸ்டர் அவர் வகுப்பில் சொல்லட்டும். என் ஸ்கிரிப்டில் அந்தச் சொல் வராது.

எச்.எஸ்.ஆர்.: சென்னையில ஆடினப்போ என் கிளியர் சரியா பேக் லைன்ல விழும். இங்கே வெளியே போகுது. ஸ்டான்ஸ் மாறிடுச்சா?

ஊர் மாறியிருக்கிறது. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். காற்று லேசு, ஷட்டில் தூரம் போகும். இறகு ஷட்டிலில் வேக எண் குறைந்ததை வாங்குங்கள். நைலான் என்றால் பச்சைப் பட்டை. வீடியோவுக்கும் அதையே பயன்படுத்துவது நல்லது. வேகமான ஷட்டிலில் தப்பான பிடிகூடத் தூரம் போய்க் குறையை மறைத்துவிடும்.

சிவாஜிநகர்: ஷட்டில் பாதியிலேயே விழுது, என்ன பண்ணலாம்?

பெல்லந்தூர் பதில்.

ஆர்.டி. நகர்: கிளியர் அடிச்சா தோள்ல வலி. மூணு வாரம் ஆச்சு, இன்னும் நிக்கல.

ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஃபிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். பிடியால் வந்ததா என்று இங்கிருந்து சொல்ல முடியாது.

பனசங்கரி: ஷட்டில் தூரம் போகல சார், எந்த பேட் வாங்கலாம்?

பேட் வாங்க வேண்டாம். பெல்லந்தூர் பதில், மூன்றாவது முறை. இறுக்காதீர்கள்.

ஒயிட்ஃபீல்ட் அப்பா மறுபடியும்: கேமராவை எங்கே வைப்பது? என் பெண் வேறு இடது கைக்காரி.

பிடியைச் சொல்லும்போது உங்கள் தோளுக்கு மேலிருந்து, நீங்கள் பார்க்கிற கோணத்தில் கையை நெருக்கமாக எடுங்கள். எதிரிலிருந்து எடுத்தால் குழந்தைகள் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாற்றிப் பிடிப்பார்கள். நிலையைப் பின்னாலிருந்து ஒரு முறையும், பேட் கைப்பக்கமிருந்து ஒரு முறையும் எடுங்கள். முழங்கை தொங்குவதும் எடை பின்காலில் இருப்பதும் பக்கத்திலிருந்துதான் தெரியும். உங்கள் பெண்ணுக்கு அதே வீடியோவை எடிட்டிங்கில் இடம் வலம் திருப்பி, குரலில் மட்டும் வலதை இடதாகவும் இடதை வலதாகவும் மாற்றிப் பேசிச் சேர்த்துவிடுங்கள். எழுத்துப் போட்ட டீ ஷர்ட் மட்டும் வேண்டாம், எழுத்து இடம் வலம் மாறித் தெரியும்.